கடைசி வரிசையில மாட்டிக்கிட்ட லைட்டு

"எல்லா லைட்டையும் அணைக்கற 5க்கு 5 லைட்ஸ் அவுட் ஆடறேன். மேல இருந்து ஒவ்வொரு வரிசையா அணைச்சுட்டு வந்தா நாலு வரிசை சுத்தமா போயிடுது, ஆனா கடைசி வரிசையில ரெண்டு மூணு லைட்டு அப்படியே நின்னுடுது. அதை எப்படி அணைக்கறது? இல்ல கேம்லயே ஏதாவது கோளாறா?"

கேம்ல கோளாறு இருக்கறதுக்கும் வாய்ப்பு இருக்கு, அதைக் கண்டுபிடிக்கற வழியையும் கீழ சொல்றேன், ஆனா பெரும்பாலும் அது இல்ல. நீங்க பண்றது சரியான வழிதான், பாதியில நிறுத்திட்டீங்க. கடைசி வரிசையில எது எது எரியுதுன்னு பார்த்துட்டு, அதுக்கேத்த மாதிரி திரும்ப மேல போய் முதல் வரிசையில சில பட்டனை அமுக்கி, இன்னொரு தடவை மேல இருந்து கீழ ஒவ்வொரு வரிசையா அணைச்சுத் துரத்திட்டு வரணும். ரெண்டாவது ரவுண்டு முடியும்போது எல்லாம் அணைஞ்சிருக்கும். முதல் வரிசையில எதை அமுக்கறதுங்கறதுதான் விஷயமே, அதுக்கு ஒரு சின்ன விதி இருக்கு.

விதியைச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம், இது ரெண்டும் புரிஞ்சாதான் மீதி நிக்கும். ஒரு பட்டனை அமுக்கினா அதுவும், அதுக்கு மேல கீழ இடம் வலம் இருக்கற பக்கத்து லைட்டும் மாறும், எரியறது அணையும், அணைஞ்சது எரியும், இது உங்களுக்கே தெரியும். இப்ப ஒரு லைட்டை மட்டும் எடுத்துக்குங்க. கடைசியில அது எரியுதா இல்லையாங்கறது, அது மொத்தம் எத்தனை தடவை மாறுச்சு, அந்த எண்ணிக்கை ஒத்தைப்படையா இரட்டைப்படையாங்கறதை மட்டும்தான் பொறுத்தது. எந்தப் பட்டனை முதல்ல அமுக்கினீங்க, எதை அப்புறம் அமுக்கினீங்கங்கறது கணக்குலயே வராது. ஆக, வரிசை மாத்தி அமுக்கினாலும் ஒண்ணுதான், இது ஒண்ணு. ஒரே பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா அமுக்காததுக்குச் சமம், இது ரெண்டாவது. அப்ப ஒரு விடைன்னா என்ன? இருபத்தஞ்சு பட்டன்ல எதை அமுக்கணும், எதை விடணும், அவ்வளவுதான்.

இப்ப துரத்தறதுல உண்மையில என்ன நடக்குதுன்னு பாருங்க. முதல் வரிசையில ஒரு லைட்டு எரியுது. அதை மாத்தக்கூடிய பட்டன் எதெல்லாம்? முதல் வரிசையிலயே அதுவும் அதோட இடம் வலமும், அப்புறம் இரண்டாம் வரிசையில நேர் கீழ இருக்கறது. முதல் வரிசை பட்டனை இனிமே தொடமாட்டேன்னு முடிவு பண்ணிட்டா, அந்த லைட்டை அணைக்க மீதி இருக்கறது நேர் கீழ உள்ள ஒரே ஒரு பட்டன். அதனால அதை அமுக்கியே ஆகணும், அணைஞ்சு கிடக்கற லைட்டுக்குக் கீழ அமுக்கவே கூடாது, வேற வழியே இல்ல. இரண்டாம் வரிசை முடிஞ்சதும் மூணாம் வரிசைக்கும் இதே நியாயம், இப்படியே கீழ வரைக்கும். அதாவது முதல் வரிசையில எதை அமுக்கறீங்கன்னு முடிவானா, மீதி இருபது பட்டனும் தானாவே முடிவாயிடுது. நீங்க இவ்வளவு நாளா முதல் வரிசையில எதையுமே அமுக்காம ஆரம்பிச்சிருக்கீங்க. அதுவும் ஒரு தேர்வுதான், முப்பத்திரெண்டு தேர்வுல ஒண்ணு. அந்தத் தேர்வு உங்க போர்டுக்குத் தப்புன்னா அதோட பலன் கடைசி வரிசையில வந்து நிக்கும், ஏன்னா அதுக்குக் கீழ அமுக்கறதுக்கு வரிசை கிடையாது.

சரி, விதிக்கு வர்றேன். இடது பக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு கட்டத்துக்கு நம்பர் போட்டுக்கறோம். முதல் ரவுண்டு முடிஞ்சதும் கடைசி வரிசையில முதல் மூணு கட்டத்தை மட்டும் பாருங்க. அதுல ஒண்ணாவது எரிஞ்சா மேல முதல் வரிசையில 1, 2 அமுக்கணும். ரெண்டாவது எரிஞ்சா மேல 1, 2, 3 அமுக்கணும். மூணாவது எரிஞ்சா மேல 2, 3 அமுக்கணும். ரெண்டு மூணு கட்டம் சேர்ந்து எரிஞ்சா ஒவ்வொண்ணுக்கும் உள்ளதை அமுக்கிட்டே போங்க, ஒரே பட்டன் ரெண்டு தடவை வந்தா அது கேன்சல், விட்டுடலாம். உதாரணத்துக்கு ஒண்ணும் ரெண்டும் எரியுதுன்னா 1, 2 ஒரு தடவை, 1, 2, 3 இன்னொரு தடவை, அடிச்சுக்கிட்டது போக 3 மட்டும்தான் மிச்சம். நாலும் அஞ்சும் எரியுதா இல்லையான்னு பார்க்கவே வேணாம், மூணும் சரியானா அது ரெண்டும் தானா சரியாகும் (சரியாகலன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, வர்றேன்).

இணையத்துல தேடினா ஏழு வரி கொண்ட ஒரு அட்டவணை கிடைக்கும், கீழ இப்படி இருந்தா மேல இப்படி அமுக்குன்னு. நானும் ரொம்ப நாள் அதைத்தான் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பர்ஸுல வச்சிருந்தேன். மேல சொன்ன விதி அதே அட்டவணைதான், சுருக்கி வச்சது. ஞாபகம் வச்சுக்க இன்னும் சுலபமா சொல்லணும்னா, போர்டோட இடது பக்க மூணு நெடுவரிசையை மட்டும் தனி போர்டா நினைச்சுக்குங்க, கீழ எரியற கட்டத்துக்கு நேர் மேல உள்ள பட்டனும் அதோட இடம் வலமும், அந்த மூணுக்குள்ள மட்டும்.

ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்த்துடலாம், இருபத்தஞ்சு லைட்டும் எரியற போர்டு. இதை எடுக்கறதுக்குக் காரணம், நீங்களும் எந்த ஆப்லயும் ஒரு காகிதத்துலயும்கூட அப்படியே செஞ்சு பார்க்கலாம். முதல் வரிசை அஞ்சும் எரியுது, அதனால இரண்டாம் வரிசையில அஞ்சையும் அமுக்கறோம். முதல் வரிசை காலி. இரண்டாம் வரிசையில நடு மூணும் தலா மூணு தடவை மாறி அணைஞ்சிருக்கும், ஓரத்துல இருக்கற ரெண்டும் தலா ரெண்டு தடவை மாறினதால எரிஞ்சுட்டே இருக்கும். மூணாம் வரிசை முழுசா அணைஞ்சிருக்கும். இப்ப இரண்டாம் வரிசையில 1, 5 எரியறதால மூணாம் வரிசையில 1, 5 அமுக்கறோம். இரண்டாம் வரிசை காலி, மூணாம் வரிசையில 1, 2, 4, 5 எரியும், நாலாம் வரிசையில 2, 3, 4 எரியும். அடுத்து நாலாம் வரிசையில 1, 2, 4, 5 அமுக்கறோம். மூணாம் வரிசை காலி. நாலாம் வரிசையில பார்த்தா அதே 2, 3, 4 எரிஞ்சுட்டு இருக்கும், ஒண்ணுமே மாறாத மாதிரி. இங்கதான் நிறைய பேர் அமுக்கினது பதிவாகலையோன்னு திரும்ப அமுக்கி கெடுத்துக்கறாங்க. எல்லா கட்டமும் ரெண்டு ரெண்டு தடவை மாறி பழைய நிலைக்கே வந்திருக்கு, அவ்வளவுதான். கடைசி வரிசையில 3 மட்டும் எரியும். நாலாம் வரிசைக்காக கடைசி வரிசையில 2, 3, 4 அமுக்கினா நாலாம் வரிசையும் காலி, கடைசி வரிசையில 1, 5 மட்டும் மிச்சம். நீங்க சொன்ன அதே இடம்.

இப்ப விதி. முதல் மூணுல ஒண்ணாவது மட்டும் எரியுது, அதனால மேல 1, 2 அமுக்கறோம். முதல் வரிசையில 3 மட்டும் எரியும் (1, 2 ரெண்டும் ரெண்டு தடவை மாறிடுச்சு), இரண்டாம் வரிசையில 1, 2 எரியும். துரத்தலாம். இரண்டாம் வரிசையில 3 அமுக்கினா முதல் வரிசை போச்சு, இரண்டாம் வரிசையில 1, 3, 4 எரியும், மூணாம் வரிசையில 3. மூணாம் வரிசையில 1, 3, 4 அமுக்கினா அங்க 1, 3, 5 மிச்சம், நாலாம் வரிசையில 1, 3, 4. நாலாம் வரிசையில 1, 3, 5 அமுக்கினா அங்க 4, 5 மிச்சம், கடைசி வரிசையில ஏற்கனவே இருந்த 1, 5 அணைஞ்சு 3 மட்டும் எரியும். கடைசி வரிசையில 4, 5 அமுக்கறோம். நாலாம் வரிசை காலி, அதோட அந்த 3ஆம் கட்டமும் 4ஆவது பட்டனால மாறி அணைஞ்சுடும், 4உம் 5உம் ரெண்டு தடவை மாறி அணைஞ்சே இருக்கும். போர்டு முழுக்க இருட்டு.

மொத்தம் எத்தனை தடவை அமுக்கினோம்னு எண்ணினா முதல் ரவுண்டுல 14, ரெண்டாவது ரவுண்டுல 11, ஆக 25. ஆனா அதுல அஞ்சு பட்டனை ரெண்டு ரவுண்டுலயும் அமுக்கியிருக்கோம், அது அஞ்சும் வீண். அடிச்சுக்கிட்டா மிச்சம் 15தான், 1 இருக்கற இடத்துல அமுக்கினா போதும், எந்த வரிசையில வேணா அமுக்கலாம்:

```
1 1 0 0 0
1 1 0 1 1
0 0 1 1 1
0 1 1 1 0
0 1 1 0 1
```

விதி எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கறவங்களுக்கு, இதை நீங்களே வீட்ல கண்டுபிடிக்கலாம், பெரிய கணக்கு எதுவும் வேணாம். முழுசா அணைஞ்ச போர்டை எடுத்துக்குங்க. முதல் வரிசையில 1 மட்டும் அமுக்கி, கீழ வரைக்கும் துரத்துங்க. கடைசி வரிசையில 2, 3, 5 எரிஞ்சு நிக்கும். போர்டை அணைச்சுட்டு 2 மட்டும் அமுக்கித் துரத்தினா 1, 2, 3 நிக்கும். 3 மட்டும்னா 1, 2, 4, 5 நிக்கும். வரிசை மாத்தி அமுக்கினாலும் ஒண்ணுதான்னு சொன்னேன் இல்லையா, அதனால மேல 1உம் 2உம் சேர்த்து அமுக்கினா கீழ என்ன வரும்னு துரத்தாமலேயே சொல்லலாம், 2, 3, 5 ஒண்ணு, 1, 2, 3 ஒண்ணு, ரெண்டுலயும் இருக்கறதை அடிச்சுட்டா 1, 5 மிச்சம். கீழ ஏற்கனவே 1, 5 எரிஞ்சுட்டு இருந்தா ரெண்டும் மோதி அணைஞ்சுடும், நம்ம ஆட்டத்துல நடந்தது அதேதான். மேல 1, 2, 3 மூணையும் சேர்த்தா கீழ 2, 4. மேல 2, 3 சேர்த்தா கீழ 3, 4, 5. இந்த மூணு பலனையும் பாருங்க, 1, 5 ஒண்ணு, 2, 4 ஒண்ணு, 3, 4, 5 ஒண்ணு. முதல் மூணு கட்டத்துல ஒவ்வொண்ணும் ஒரே ஒரு கட்டத்தைத்தான் தொடுது. அதனாலதான் முதல் மூணை மட்டும் பார்த்தா போதும்னு சொன்னது.

மேல 4, 5 பட்டன் என்ன ஆச்சுன்னா, அது ரெண்டும் இந்த விஷயத்துல உபரி. 4 மட்டும் அமுக்கித் துரத்தினா கீழ 3, 4, 5 வரும், அது 2, 3 சேர்ந்து செய்யற அதே வேலை. 5 மட்டும் அமுக்கினா 1, 3, 4 வரும், அது 1, 3 சேர்ந்து செய்யறது. இந்த உபரிதான் இந்த ஆட்டத்தோட மொத்த ரகசியம்னு நான் சொல்லுவேன். அஞ்சு பட்டன் இருந்தும் மூணு பட்டனோட வேலைதான் நடக்குது, அதனால கடைசி வரிசையில வரக்கூடிய 32 விதத்துல 8 விதத்தை மட்டும்தான் நம்மளால அணைக்க முடியும். மீதி 24ம் எவ்வளவு அமுக்கினாலும் போகாது.

இங்கதான் உங்க ரெண்டாவது கேள்வி வருது, கேம்ல கோளாறான்னு. அதைக் கடைசி வரிசையை வச்சே கண்டுபிடிச்சிடலாம். முதல் ரவுண்டு முடிஞ்சதும் 1, 3, 5 இந்த மூணு கட்டத்துல எத்தனை எரியுதுன்னு எண்ணுங்க. அப்புறம் 2, 3, 4ல எத்தனை எரியுதுன்னு எண்ணுங்க. ரெண்டு எண்ணிக்கையும் இரட்டைப்படையா இருந்தா (சைபரும் இரட்டைப்படைதான்) போர்டு தீரும். ஒண்ணு ஒத்தைப்படையா இருந்தாலும் தீராது, சத்தியமா தீராது, அதுல உக்காந்து நேரத்தை வீணாக்காதீங்க. நம்ம உதாரணத்துல 1, 5 எரிஞ்சுது, முதல் எண்ணிக்கை 2, ரெண்டாவது 0, அதனால தீர்ந்துச்சு. கடைசி வரிசையில ஒரே ஒரு லைட்டு மட்டும் எரிஞ்சா எண்ணிப் பார்க்கவே வேணாம், அது எந்தக் கட்டமா இருந்தாலும் தீராது. "ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணா போயிடும்"னு தோணும், அதுதான் பெரிய ஏமாத்து.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். நான் பள்ளிப் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறவன், சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க. ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து எல்ஈடி, பட்டன் எல்லாம் வாங்கி ஒட்டுப்பலகையில ஓட்டை போட்டு 5க்கு 5 போர்டு ஒண்ணு செஞ்சோம், சால்டரிங் புகையில வீடே நாறிப்போச்சு. புரோகிராம் நான்தான் எழுதினேன். ஸ்டார்ட் அமுக்கினா ஒவ்வொரு லைட்டுக்கும் மனசுக்குள்ள காசு சுண்டற மாதிரி, தலைன்னா எரியட்டும் பூன்னா அணையட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்குப் பசங்க ஒண்ணரை மணி நேரம் போராடினாங்க, ஒருத்தனால மட்டும் ஒரு தடவை முடிஞ்சுது, மீதிப் பேருக்கு அழுகை வராத குறை. நான் வேற "துரத்தறதுல எங்கயோ தப்பு பண்றீங்க"ன்னு அவங்களையே திட்டிட்டு இருந்தேன். ராத்திரி உக்காந்து யோசிச்சப்பதான் தப்பு என்னுதுன்னு தெரிஞ்சுது. 25 லைட்டுக்கு மொத்தம் 3,35,54,432 நிலை இருக்கு, அதுல தீரக்கூடியது 83,88,608, சரியா நாலுல ஒண்ணு. நான் குடுத்த போர்டுல நாலுக்கு மூணு தீரவே தீராதது. அடுத்த வாரம் ஒரே ஒரு இடத்தை மாத்தினேன், லைட்டை இஷ்டத்துக்கு எரிய விடறதுக்குப் பதிலா, எல்லாம் அணைஞ்ச போர்டுல இருந்து பட்டனை இஷ்டத்துக்கு அமுக்கற மாதிரி. அமுக்கி வந்ததை அதே பட்டனைத் திரும்ப அமுக்கி அணைக்க முடியுமே, அதனால அப்படி வர்ற போர்டு எப்பவும் தீரும். நீங்க ஆடற ஆப்பை எழுதினவர் நான் முதல்ல பண்ண தப்பையே பண்ணியிருந்தா உங்களுக்கும் நாலுல மூணு தடவை இப்படித்தான் நிக்கும். ஒரு பத்து ஆட்டம் ஆடி மேல சொன்ன எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்க, பத்தும் தீர்ற மாதிரி வந்தா ஆப் அநேகமா சரி, ஒண்ணே ஒண்ணு தீராததா வந்தாலும் ஆப்தான் தப்பு.

ஏன் அவ்வளவு உறுதியா ஆப் தப்புன்னு சொல்றேன்னா, நீங்க தப்பா அமுக்கறதால ஒரு போர்டு தீராததா மாறவே மாறாது. தெரியாம கை பட்டாலும் அது ஒரு சாதாரண அமுக்கல்தான், அதைத் திரும்ப அமுக்கினா பழையபடி ஆயிடும். தீர்ற போர்டு எப்பவும் தீர்ற போர்டுதான், தீராதது எப்பவும் தீராததுதான். இதை வச்சு ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சும் ஏதாவது எரிஞ்சா என்ன நடந்துச்சுன்னு தெளிவா சொல்லிடலாம். முதல் மூணு கட்டத்துல ஏதாவது எரிஞ்சா நீங்க வழியில எங்கயோ கை தவறிட்டீங்க. பதற வேணாம், முதல்ல இருந்து ஆரம்பிக்கவும் வேணாம், திரும்ப விதியைப் போட்டு மூணாவது தடவை துரத்துங்க. முதல் மூணும் அணைஞ்சு 4ல இல்ல 5ல மட்டும் எரிஞ்சா உங்க கை சுத்தம், போர்டுதான் தீராதது. தீர்ற போர்டுல 4, 5 மட்டும் தனியா எரிஞ்சு நிக்க வழியே கிடையாது.

கை தவறுற இடம் பத்தி ஒண்ணு சொல்லணும். துரத்தும்போது பார்க்க வேண்டியது மேல் வரிசையை, அமுக்க வேண்டியது கீழ் வரிசையை. புதுசா ஆடறவங்க கண்ணு தானா அமுக்கற வரிசைக்கு இறங்கிடும், அங்க எரியறதை அமுக்க ஆரம்பிச்சிடுவாங்க. இன்னொண்ணு, ஒரு பட்டனை அமுக்கினா மேல் வரிசையில அதுக்கு நேர் மேல இருக்கற ஒண்ணு மட்டும்தான் மாறும், அதனால மேல் வரிசை ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒண்ணு ஒண்ணா குறைஞ்சுட்டே வரணும். கூடுச்சுன்னா உடனே நிறுத்தி அதையே திரும்ப அமுக்குங்க. எங்க பசங்கள்ல ஒருத்தி ஸ்கேலை அமுக்கற வரிசை மேலயே குறுக்க வச்சு மறைச்சுட்டு, மேல் வரிசையை மட்டும் பார்த்து விரலால தடவி அமுக்குவா. ஒரு தடவைகூட தப்பினதில்ல.

இந்த முறை குறைஞ்ச அமுக்கல்ல முடிக்கறதுக்கானது இல்ல, அதையும் சொல்லிடணும். சில ஆப்ல இத்தனை அமுக்கலுக்குள்ள முடிச்சாதான் மூணு ஸ்டார்னு வச்சிருப்பாங்க, அங்க துரத்தறதை நேரா போர்டுல செய்யாம காகிதத்துல செஞ்சு, ரெண்டு தடவை வந்த பட்டனை அடிச்சுட்டு அப்புறம் அமுக்கணும். அப்பவும் அதுதான் குறைஞ்சதுன்னு உறுதி இல்ல. 5க்கு 5ல தீர்ற ஒவ்வொரு போர்டுக்கும் சரியா நாலு விடை இருக்கு, அதுல எது சின்னதுன்னு பார்க்கணும். நாலு எப்படின்னா, அணைஞ்ச போர்டுல இந்தப் பன்னெண்டையும் அமுக்கிப் பாருங்க, கடைசியில ஒரு லைட்டுகூட எரியாது:

```
1 0 1 0 1
1 0 1 0 1
0 0 0 0 0
1 0 1 0 1
1 0 1 0 1
```

ஒண்ணுமே செய்யாத இந்த அமைப்பை எந்த விடையோட வேணா கூட்டிக்கலாம், விடையும் விடையாவே இருக்கும். இதைப் பக்கவாட்டுல திருப்பி வச்சா இன்னொரு அமைப்பு, ரெண்டையும் சேர்த்தா மூணாவது. ஆக உங்க விடை ஒண்ணு, இந்த மூணையும் தனித்தனியா கூட்டினா மூணு, மொத்தம் நாலு. இருபத்தஞ்சும் எரியற போர்டுக்கு நான் மேல போட்ட விடையோட இந்தப் பன்னெண்டைக் கூட்டிப் பாருங்க (ரெண்டுலயும் 1 இருந்தா அடிச்சுடுங்க), அதே விடை தலைகீழா வந்து நிக்கும், அதே 15. பக்கவாட்டு அமைப்பைக் கூட்டினா கண்ணாடியில பார்த்த மாதிரி இடம் வலம் மாறி வரும். 5க்கு 5ல எந்தப் போர்டுக்கும் 15க்கு மேல தேவைப்படாது, எல்லாம் எரியற போர்டும் அந்த உச்சத்துலதான் இருக்கு.

இந்த விதி 5க்கு 5க்கு மட்டும்தான், 1995ல டைகர் எலக்ட்ரானிக்ஸ் விட்ட முதல் பொம்மை இந்த அளவுதான்ங்கறதால எல்லாரும் இதையே பேசறாங்க. 3க்கு 3ல அதிர்ஷ்டவசமா இதே விதி அப்படியே வேலை செய்யும், அங்க தீராத போர்டே கிடையாது. 6க்கு 6லயும் எல்லாமே தீரும், விடை ஒண்ணே ஒண்ணுதான், ஆனா விதி வேற. அதை நீங்களே தயார் பண்ணணும், மேல சொன்ன மாதிரி அணைஞ்ச போர்டுல முதல் வரிசை பட்டனை ஒவ்வொண்ணா அமுக்கித் துரத்தி, கீழ என்ன நிக்குதுன்னு எழுதி வச்சுக்குங்க. ஆறு தடவை துரத்தணும்னு பயப்பட வேணாம், 1, 2, 3 மட்டும் பண்ணா போதும், 4, 5, 6 அதோட கண்ணாடி பிம்பம்தான். அப்புறம் உங்க கடைசி வரிசைக்கு எந்த எந்தப் பலனைக் கூட்டினா சரியா வரும்னு தேடறது ஒரு பத்து நிமிஷ வேலை. ஓரத்துல அமுக்கினா எதிர் ஓரத்துல மாறும்னு சுத்தி வர்ற மாதிரி சில ஆப்ல இருக்கும், அங்க கடைசி வரிசையில அமுக்கினா முதல் வரிசை திரும்ப எரியும், துரத்தற முறையே இந்த வடிவத்துல செல்லாது.

4க்கு 4 மட்டும் விசித்திரம். அங்க முதல் வரிசையில நீங்க எதை அமுக்கிட்டு ஆரம்பிச்சாலும் கடைசி வரிசையில அதோட பலன் ஒண்ணுமே இருக்காது, நாலு பட்டனும் உபரி. அதனால தீர்ற போர்டா இருந்தா முதல் ரவுண்டுலயே முழுசா அணைஞ்சுடும், ரெண்டாவது ரவுண்டுங்கறதே கிடையாது. முதல் ரவுண்டு முடிஞ்சு ஏதாவது எரிஞ்சுதுன்னா, வழியில கை தவறாம துரத்தியிருக்கற பட்சத்துல, அது தீராத போர்டு, பதினாறுல பதினஞ்சு போர்டு அப்படித்தான். உங்க ஆப்ல 4க்கு 4 இருந்தா முதல்ல அதை ஒரு அஞ்சு தடவை ஆடிப் பாருங்க, ஆப்பை எழுதினவர் லைட்டை எரிய விட்டாரா பட்டனை அமுக்கினாராங்கறது அதுலயே தெரிஞ்சுடும்.